அந்தி மறையாத ஊரில் நோன்பு

முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளுக்கான மார்க்கச் சட்ட ஆய்வு 'ஃபிக்ஹுல் அகல்லியாத்' எனப்படுகிறது. 1990களில் வட அமெரிக்காவில் தாஹா ஜாபிர் அல்அல்வானியும், ஐரோப்பாவில் யூசுஃப் அல்கர்ளாவியும் இதைத் தனித் துறையாக முன்வைத்தனர். சிரியாவின் அறிஞர் ஸயீத் ரமளான் அல்பூத்தி இதைக் கடுமையாக எதிர்த்தார். நாட்டுக்கு நாடு மார்க்கம் மாறிவிடும் என்ற எண்ணத்தை இது வளர்க்கும் என அவர் அஞ்சினார். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் முஃப்திகள் நடைமுறையில் பெரும்பாலும் பழைய நூல்களிலிருந்தே விடை தேடுகிறார்கள். வட ஐரோப்பாவில் கோடையில் வரும் ரமளான் இதற்கு நல்ல சான்று.

2015இல் ரமளான் ஜூன் 18 அன்று தொடங்கியது. நார்வேயின் ஆஸ்லோவில் அந்நாட்களில் சூரியன் இரவு 10.44 மணியளவில் மறைந்து, அதிகாலை 3.54க்கு உதித்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் குழப்பமில்லை. நோன்பைத் தொடங்கும் நேரத்தில்தான் சிக்கல். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகை இறங்கினால்தான் முழு இருள் வரும். அதன் பிறகே வைகறையைப் பிரித்தறிய முடியும். 48.5 பாகைக்கு வடக்கே கோடையின் நடுவில் சூரியன் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆஸ்லோ இருப்பது ஏறத்தாழ 60 பாகையில். அந்தி வெளிச்சம் மறையாமலே விடியலோடு கலந்துவிடுகிறது. இஷாவின் அடையாளமும் ஸஹர் முடியும் அடையாளமும் வானில் இல்லை.

இக்கேள்வி புதிதன்று. வோல்கா நதிக்கரையின் புல்கார் நாட்டுக் கோடை இரவுகளைப் பற்றி ஹனஃபி அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாதிட்டிருக்கிறார்கள். நேரமே வராதபோது இஷா தொழுகை கடமையில்லை என்றார் பக்காலி. இப்னுல் ஹுமாம் அதை மறுத்தார். தஜ்ஜால் பற்றிய நபிமொழியில், ஓராண்டு போல நீளும் ஒரு நாளில் தொழுகை நேரங்களைக் கணித்துக்கொள்ளும்படி கூறப்படுகிறது. ஆகவே அடையாளம் மறைந்தாலும் கடமை மறையாது என்பது அவர் வாதம். ஷாபி மத்ஹபில் இமாம் நவவி, அந்தி மறையும் மிக அருகிலுள்ள ஊரை அளவுகோலாகக் கொள்ளச் சொன்னார்.

மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1982இலும் 1986இலும் எடுத்த முடிவுகள் இதே தடத்தில் செல்கின்றன. 48 முதல் 66 பாகை வரை அடையாளம் மறையும் ஊர்கள், 45 பாகையில் இரவின் எத்தனையாவது பங்கில் இஷா வருகிறது என்று பார்த்து அதே விகிதத்தைத் தம் இரவுக்குப் பொருத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, அது மூன்றில் ஒரு பங்கு எனக் கொள்வோம். ஆஸ்லோவின் இரவு 310 நிமிடம்; அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 103 நிமிடம். எனவே இஷா 12.27க்கு, ஸஹர் முடிவது 2.11க்கு. நோன்பு இருபதரை மணி நேரம்.

இதுவே மிக நீளம் என்று கருதிய முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்றோர், ஹிஜாஸ் பகுதியின் நோன்பு நேரத்தை அளவாகக் கொள்ளலாம் என்றனர். எகிப்தின் தாருல் இஃப்தாவும் மிக நீண்ட பகல்களுக்கு மக்காவின் அளவை ஏற்றது. மற்றவர்களோ, சூரியன் கண்ணெதிரே இருக்கும்போது நோன்பு திறப்பது, இரவுவரை நோன்பைப் பூர்த்தியாக்கச் சொல்லும் குர்ஆன் கட்டளைக்கு முரண் என்கிறார்கள். இந்த மறுப்பே வலுவானது. கணிப்பு தேவைப்படுவது அடையாளம் இல்லாத இடத்தில்தான். சூரியன் மறைவதோ எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

அப்படியானால் கட்டுமானத்திலோ கிடங்கிலோ உழைப்பவர் என்ன செய்வது? வெளிநாட்டில் இருப்பதால் தாம் முஸாஃபிர், பயணிக்குரிய சலுகை தமக்குண்டு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஷாபி மத்ஹபில் முழுதாக நான்கு நாள், ஹனஃபியில் பதினைந்து நாள் தங்கும் எண்ணம் இருந்தாலே பயணச் சலுகை நீங்கிவிடும். ஈராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் பயணி அல்லர்.

அவருக்கான விடை அறுவடைக்காரர் பற்றிய பழைய ஃபத்வாவில் இருக்கிறது. ஷாபி அறிஞர் அத்ரயீயின் பெயரால் அது எடுத்தாளப்படுகிறது. இலங்கையிலும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலும் பின்பற்றப்படுவது இதே மத்ஹபுதான். வேலை கடினம் என்பதற்காக முன்கூட்டியே நோன்பை விடக் கூடாது; இரவில் நிய்யத் வைத்து நோன்புடனே வேலைக்குப் போக வேண்டும். நடுவில் கடும் துன்பம் நேர்ந்தால் திறந்துவிடலாம். வெறும் தாகமும் சோர்வும் கடும் துன்பம் ஆகா. தண்ணீருக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய அனுமதிக்கும் அளவு உடலுக்குக் கேடு வரும் என்ற அச்சம் வேண்டும். வேலையை இரவுக்கோ விடுப்புக்கோ மாற்ற வழி இருந்தால் சலுகை இல்லை. வேலையை விட்டால் பிழைப்பே போகும் என்றால் உண்டு.

விட்ட நோன்பைக் களாச் செய்தாக வேண்டும். டிசம்பரில் ஆஸ்லோவின் நோன்பு ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே. தக்க காரணமின்றி அடுத்த ரமளான் வரை தள்ளிப்போட்டால், ஷாபி மத்ஹபில் களாவுடன் நோன்பு ஒன்றுக்கு ஒரு முத்து அளவு தானியமும் ஏழைக்குக் கொடுக்க வேண்டும்.