30-ஆவது விநாடியில் நிற்கும் மீட்டர்

யூடியூபில் பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரத்தை 5-ஆவது விநாடியில் ‘ஸ்கிப்’ செய்தால், விளம்பரம் கொடுத்தவருக்கு ஒரு பைசா செலவில்லை. 28-ஆவது விநாடியில் ஸ்கிப் செய்தாலும் செலவில்லை. 30 விநாடி பார்த்துவிட்டால்தான் அது ஒரு ‘வியூ’, அப்போதுதான் காசு. விளம்பரமே 30 விநாடிக்குக் குறைவு என்றால் முழுதாக ஓடி முடிய வேண்டும். இடையில் விளம்பரத்தைத் தட்டி உள்ளே போனாலும் அது வியூதான். 2010-ல் வந்த இந்த முறையில், ஒரு வியூவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் கட்டுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘சிபிவி’ என்பார்கள்.

இதில் நீளமான விளம்பரம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 30-ஆவது விநாடியோடு மீட்டர் நின்றுவிடுகிறது. விளம்பரம் 3 நிமிடம் ஓடினாலும், ஒருவர் அதை 31 விநாடி பார்த்தாலும் கடைசிவரை பார்த்தாலும் கட்டணம் ஒன்றுதான். மீதி 150 விநாடியும் கூடுதல் செலவு இல்லாமல் கிடைப்பது. அப்படியிருந்தும் மாதக் கடைசியில் அறிக்கை வந்ததும் முதலாளிகள் பலர் கேட்கும் முதல் கேள்வி, “முழுசா எத்தனை பேர் பார்த்தாங்க?” என்பதுதான். அந்தக் கேள்வியால் நல்ல விளம்பரங்கள் நிறுத்தப்படுகின்றன என்பது என் ஆதங்கம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு நிறுவனம் 3 நிமிட விளம்பரம் எடுக்கிறது. மாவு ஆட்டுவது, கல்லைக் கழற்றிக் கழுவுவது, மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று எல்லாம் அதில் வருகிறது. விலை 70-ஆவது விநாடியில் சொல்லப்படுகிறது. விளம்பரம் 1 லட்சம் முறை திரையில் வந்தது. 25,000 பேர் 30 விநாடியைத் தாண்டினார்கள். ஒரு வியூவுக்கு 40 பைசா என்றால் செலவு 10,000 ரூபாய்.

கூகுள் ஆட்ஸ் அறிக்கை, விளம்பரத்தின் கால்பங்கு, அரை, முக்கால், முழுது என நான்கு இடங்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும். நம் கணக்கில் 45-ஆவது விநாடியில் 18,000 பேர். பாதியில் 9,000. முக்காலில் 6,000. கடைசியில் 4,000.

அதே நிறுவனம் 20 விநாடியில் இன்னொரு விளம்பரமும் ஓட்டியது. அதுவும் 1 லட்சம் முறை வந்தது, 30,000 வியூ. 30 விநாடிக்குக் குறைவான விளம்பரத்தில் வியூ என்றாலே ஏறக்குறைய முழுதாகப் பார்த்ததுதான். செலவு 12,000 ரூபாய்.

முழுதாகப் பார்த்தவர்களை மட்டும் எண்ணினால், குட்டி விளம்பரத்தில் ஒருவருக்கு 40 பைசா, நீள விளம்பரத்தில் ஒருவருக்கு இரண்டரை ரூபாய். ஆறு மடங்கு விலை! அடுத்த மாதமே நீள விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அதே எண்களை வேறு விதமாகப் பாருங்கள். நான்கு இடங்களிலும் மிஞ்சியவர்களை வைத்து, இடையில் சீராகக் குறைந்தார்கள் என்று கொண்டால், காசு கொடுத்த 25,000 பேரும் சராசரியாக 90 விநாடி அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்கள். 40 பைசாவுக்கு ஒருவரின் ஒன்றரை நிமிடம். குட்டி விளம்பரத்தில் அதே 40 பைசாவுக்குக் கிடைத்தது 20 விநாடி. பார்த்த நேரத்துக்கு விலை போட்டால் நீள விளம்பரம் நிமிடத்துக்கு 27 பைசா, குட்டி விளம்பரம் 1 ரூபாய் 20 பைசா. கல் கழற்றுவதைப் பார்த்து, விலையையும் கேட்டுவிட்டு, 100-ஆவது விநாடியில் ஸ்கிப் செய்தவர் ‘முழுதாகப் பார்க்காதவர்’ பட்டியலில் போய்விடுகிறார். கல்யாண வீட்டில் கடைசிப் பாயசம் வரை பந்தியில் உட்கார்ந்தவர்கள் பெயரை மட்டும் மொய் நோட்டில் எழுதுவது போன்றது இது.

இன்னொரு கோளாறு இதைவிடப் பெரியது. முழுதாகப் பார்த்ததாகக் கணக்கில் வருபவர் உண்மையில் யார்? காலையில் பூஜையறையில் போனை வைத்துக் கந்த சஷ்டி கவசம் போட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடுகிறார். இடையில் வரும் விளம்பரம் யாரும் ஸ்கிப் செய்யாமல் முழுதாக ஓடுகிறது. கை முழுக்க மாவோடு நிற்பவரால் திரையைத் தொட முடியாது. கார்ட்டூன் பார்க்கும் குழந்தைக்கு ஸ்கிப் பொத்தான் எது என்றே தெரியாது. ஹாலில் டிவி தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் ‘நூறு சதவீதம்’ என்றே பதிவாகும். வாங்கும் எண்ணம் உள்ளவரோ தேவையானது தெரிந்ததும் நகர்ந்துவிடுகிறார்.

முழுதாகப் பார்ப்பவர் எண்ணிக்கையைக் கூட்டு என்று ஏஜென்சிக்கு இலக்கு வைத்தால், பணம் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் சாயும். இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. விளம்பரம் எந்தெந்தச் சேனலில் ஓடியது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முழுதாக ஓடியது அதிகம், ஆர்டர் மட்டும் ஒன்றுகூட இல்லை என்ற வரிகளில் குழந்தைப் பாடல்களும் பக்திப் பாடல்களும் வரிசையாக நின்றால் விஷயம் புரிந்துவிடும். அந்தச் சேனல்களை விலக்கிவைக்க வசதி இருக்கிறது.

சரி, எண்ண வேண்டியது ஆர்டரைத்தான் என்று முடிவு செய்தால் அங்கேயும் ஒரு சிக்கல். வீடியோ விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அங்கேயே தட்டி வாங்குவது அபூர்வம். பார்க்க வந்த படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் நிறுவனத்தின் பெயரைத் தேடி வந்து வாங்குவார். கிளிக்கை மட்டும் எண்ணினால் இவர் கணக்கிலேயே வரமாட்டார். அதற்காகத்தான் கூகுள் மூன்று வகையாகப் பிரித்து எண்ணுகிறது.

முதல் வகை, கிளிக் செய்து வந்து வாங்கியவர். இரண்டாவது, கிளிக் செய்யாமல் குறைந்தது 10 விநாடி பார்த்துவிட்டு, வழக்கமான அமைப்பில் 3 நாளுக்குள் வந்து வாங்கியவர். இதற்கு ‘என்கேஜ்டு வியூ கன்வெர்ஷன்’ என்று பெயர். மூன்றாவது, விளம்பரம் கண்ணெதிரே வந்தது, அவ்வளவுகூடப் பார்க்கவில்லை, ஆனாலும் பிறகு வாங்கினார் என்பது. இதுதான் ‘வியூ த்ரூ கன்வெர்ஷன்’. இதற்கான கால அளவு வழக்கமாக 1 நாள்; 30 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். முதல் இரண்டும் பொதுவான Conversions பத்தியில் சேரும். மூன்றாவது View-through conv. என்று தனிப் பத்தியில் நிற்கும். அந்தப் பத்தியைப் பலர் அறிக்கையில் திறப்பதே இல்லை.

10 விநாடி, 30 விநாடி என்ற இரண்டு எல்லைகளுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 15 விநாடி பார்த்துவிட்டு ஸ்கிப் செய்து, மறுநாள் கிரைண்டர் வாங்கியவருக்காக நிறுவனம் ஒரு பைசா கட்டவில்லை. ஆனால் அவர் வாங்கியது விளம்பரத்தின் கணக்கில் சேர்கிறது.

கிளிக் செய்யாதவர்கள் வாங்குகிறார்களா என்ற சந்தேகத்துக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. ராண்டல் லூயிஸ், டேவிட் ரைலி என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கக் கடை நிறுவனம் ஒன்றின் 16 லட்சம் வாடிக்கையாளர்களை வைத்து யாஹூ தளத்தில் சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு விளம்பரம் காட்டப்பட்டது, மற்றவர்களுக்குக் காட்டப்படவில்லை. 2014-ல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, விளம்பரத்தால் கூடிய விற்பனையில் 78 சதவீதம் அதை ஒருமுறைகூடக் கிளிக் செய்யாதவர்களிடமிருந்து வந்தது. 93 சதவீதம் இணையத்தில் நடக்கவில்லை, நேரடிக் கடையில் நடந்தது. அது வீடியோ இல்லை, படவிளம்பரம். ஆனாலும் வீடியோ விளம்பரத்துக்கும் இதே சோதனைதான் வேண்டும்.

வியூ த்ரூ எண்ணை அப்படியே நம்பவும் கூடாது என்பதற்கும் இதே சோதனைதான் காரணம். விளம்பரம் ஓடாவிட்டாலும் கிரைண்டர் வாங்கியிருப்பவர்கள் உண்டு. தீபாவளிக்கு எப்படியும் வாங்குவது என்று முடிவெடுத்த குடும்பத்தின் போனில் விளம்பரம் 5 விநாடி மின்னிப் போயிருந்தால், அந்த விற்பனையும் விளம்பரத்தின் பெயரில் எழுதப்படும். கால அளவை 1 நாளிலிருந்து 30 நாளாக நீட்டினால் எண் இன்னும் கூடும். விற்பனை கூடாது. யாராவது உங்களிடம் பெரிய வியூ த்ரூ எண்ணைக் காட்டினால், எத்தனை நாள் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

நம் கிரைண்டர் நிறுவனத்துக்கு அறிக்கை காட்டுவது 60 ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். கிளிக்கில் 12, 10 விநாடி பார்த்தவர்களில் 30, வியூ த்ரூவில் 18. இதில் எவ்வளவு நிஜம் என்று தெரிய, விளம்பரத்தை மதுரையிலும் சேலத்திலும் மட்டும் 4 வாரம் ஓட்டிவிட்டு, திருச்சியிலும் திருநெல்வேலியிலும் நிறுத்திவைத்தார்கள். அதற்கு முந்தைய 4 வாரத்தில் இரண்டு பக்கமும் தலா 100 ஆர்டர். ஓடிய ஊர்களில் அது 150 ஆனது. ஓடாத ஊர்களிலும் 120 ஆனது. பண்டிகைக் காலம் கொண்டுவந்த 20-ஐக் கழித்தால் விளம்பரம் கொண்டுவந்தது 30. அறிக்கையின்படி ஓர் ஆர்டருக்கான செலவு 167 ரூபாய். உண்மையில் அது 333 ரூபாய். ஒரு கிரைண்டரில் கிடைக்கும் லாபம் அதற்கு மேல் இருந்தால் விளம்பரம் ஓடலாம். முழுதாகப் பார்த்த 4,000 பேரை வைத்து இந்த முடிவுக்கு எந்த வழியிலும் வந்திருக்க முடியாது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மாதம் பத்துப் பதினைந்து ஆர்டர் வரும் சிறு கடையில் ஊருக்கு ஊர் இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கமே விளம்பரத்தின் விளைவை மறைத்துவிடும். அவர்கள் இன்னும் நீண்ட காலம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒத்த அளவுள்ள ஊர்களாகத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். சென்னையையும் சிவகங்கையையும் எதிரெதிரே வைத்தால் ஒன்றும் தெரியாது.

எண்ணை எப்படி வரையறுத்தார்கள் என்று கேட்காமல் நம்பிப் பெரிய நிறுவனங்களே ஏமாந்திருக்கின்றன. ஃபேஸ்புக் வீடியோவின் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிட்டபோது, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வகுத்தலில் எடுத்துக்கொண்டது. உடனே நகர்ந்தவர்கள் கணக்கில் இல்லை. அதனால் சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை மிகையாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்பது 2016-ல் வெளியே வந்தது. அதைத் தொடர்ந்த வழக்கு 2019-ல் 4 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

நீள விளம்பரத்துக்குப் பணம் கட்டுபவர் நீங்கள் என்றால், அடுத்த அறிக்கையில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: நான்கு இடங்களிலும் மிஞ்சியவர் எண்ணிக்கை, மூன்று வகை ஆர்டர்களும் தனித்தனியாக, விளம்பரம் ஓடாத ஊரில் அதே மாதம் எத்தனை விற்றது என்ற எண். கடைசி எண்ணைத் தரமுடியாது என்றால், அடுத்த மாதம் இரண்டு ஊரில் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள்.