கெடு 16.7 மில்லிவிநாடி

கார் ரேஸ் கேம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வளைவில் வண்டியைத் திருப்பும்போது சாலையோர விளக்குக் கம்பம் நடுவில் வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறது. மேல்பாதி ஓரிடத்தில், கீழ்ப்பாதி விரற்கடை தள்ளி. கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் கம்பம் முழுசாக நிற்கிறது. செட்டிங்ஸில் போய் வி-சிங்க்கை ஆன் செய்தால் வெட்டு போய்விடும். ஆனால் அதுவரை சீராக ஓடிய வண்டி இப்போது திக்கித் திக்கி ஓடுகிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டிவிட்டு, இரண்டில் எது பரவாயில்லையோ அதோடு சமாதானமாகிவிடுகிறார்கள்.

விலை கூடிய மானிட்டர்களில் இந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்துவிட்டது. 2013-இல் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. அடுத்த ஆண்டே டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் அடாப்டிவ்-சிங்க் சேர்ந்தது. இரண்டும் செய்வது ஒன்றுதான்: கார்டு படத்தை வரைந்து முடிக்கும்வரை மானிட்டர் காத்திருக்கும். வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் என்பது இதுதான். அந்த வசதி இல்லாத 60 ஹெர்ட்ஸ் ஆபீஸ் மானிட்டரும் பழைய லேப்டாப்பும் டிவியும் யாருக்காகவும் காத்திருக்காது. அவற்றோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் இங்கே பேச்சு.

மானிட்டருக்குப் படம் ஒரே வீச்சில் போய்ச் சேர்வதில்லை. மேல் விளிம்பில் தொடங்கி வரிவரியாக, கீழ் விளிம்புவரை கேபிள் வழியே இறங்குகிறது. 1080 வரி உள்ள திரைக்கு வழக்கமான சிக்னலில் 1125 வரிகள் இருக்கும். மிச்சமுள்ள 45 வரிகளில் படம் கிடையாது, வெறும் இடைவெளி. குழாய் டிவி காலத்தில், எலக்ட்ரான் கற்றை கீழிருந்து மேலே திரும்பிப்போக விட்ட அவகாசம் அது. குழாய் போன பின்னும் இடைவெளி தங்கிவிட்டது. 60 ஹெர்ட்ஸில் இந்த 1125 வரிகளும் போக 16.7 மில்லிவிநாடி ஆகும். அதில் அந்த இடைவெளிக்கு 0.7 மில்லிவிநாடிகூட இல்லை.

கார்டின் நினைவகத்தில் குறைந்தது இரண்டு பஃபர்கள் உண்டு. ஒன்றில் இருப்பது திரைக்குப் போய்க்கொண்டிருக்கும் படம். இன்னொன்றில் அடுத்த படம் உருவாகிக்கொண்டிருக்கும். வரைந்து முடித்ததும் இரண்டும் இடம் மாறும். வி-சிங்க் ஆஃபில் இருந்தால் இந்த மாற்றம் எந்த நொடியிலும் நடக்கலாம். முதல் வரி போகத் தொடங்கி 6 மில்லிவிநாடி ஆனபின் பஃபர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஏறக்குறைய 405 வரிகள் போயிருக்கும். அதற்கு மேலே உள்ளது பழைய படம், கீழே உள்ளது புதிய படம். நம் கேம் ஒரு படத்தை வரைய 18 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது, காட்சி பக்கவாட்டில் விநாடிக்கு 2000 பிக்சல் வேகத்தில் நகர்கிறது என்றால், இரு படங்களுக்கும் உள்ள விலகல் 36 பிக்சல். கம்பம் வெட்டுப்படுவது அங்கேதான்.

கேம் 60-ஐத் தாண்டி ஓடினால்தான் திரை கிழியும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியில்லை. 40-இல் ஓடினாலும் கிழியும், அப்போது விலகல் இன்னும் அதிகம். 300-இல் ஓடினால் ஒரே திரையில் நான்கைந்து வெட்டுகள் விழும். ஆனால் ஒவ்வொன்றும் ஏழு பிக்சலுக்கும் குறைவு, கண்ணில் அவ்வளவாகப் படாது. மோசமானது 60-ஐ ஒட்டி ஓடுவது. 61-இல் ஓடினால் ஒரே வெட்டுக்கோடு திரையில் மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். 59-இல் ஓடினால் கீழே இறங்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பஃபர் மாறுவது அந்த 45 வரி இடைவெளியில் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று வி-சிங்க் கட்டளையிடுகிறது. நேரம் தவறாத டவுன் பஸ் மாதிரி. பஸ் 16.7 மில்லிவிநாடிக்கு ஒன்று கிளம்பும். 18-ஆவது மில்லிவிநாடியில் ஓடிவருகிறவருக்கு அடுத்த பஸ்தான், அது 33.3-இல். இரண்டே பஃபர்கள் இருந்தால் இதில் இன்னொரு இழப்பும் உண்டு. ஒரு பஃபர் திரைக்குப் போகிறது, இன்னொன்றில் முடிந்த படம் காத்திருக்கிறது. அடுத்த படத்தை வரைய இடமில்லாமல் கார்டு 15 மில்லிவிநாடி சும்மா கிடக்கிறது. விநாடிக்கு 55 படம் வரையக்கூடிய கார்டு 30-க்கு இறங்குவது இதனால்தான். 18-க்குப் பதில் சில படங்கள் 16-இலும் சில 18-இலும் முடிந்தால் வண்டி 60-க்கும் 30-க்கும் இடையே தாவும். திக்கலில் இதுவே மோசமான வகை.

மூன்றாவதாக ஒரு பஃபர் கொடுத்தால் கார்டு சும்மா இருக்காது. நம் கேமையே பார்ப்போம். படங்கள் 18, 36, 54 என்று வரிசையாக முடிகின்றன. முதல் படம் 33.3-இல் திரைக்கு வருகிறது, இரண்டாவது 50-இல், மூன்றாவது 66.7-இல். இப்படியே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதுப்படம் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு படமும் முந்தையதைவிட 1.3 மில்லிவிநாடி கெடுவை நெருங்கிக்கொண்டே வருகிறது. பன்னிரண்டாவது படம் 216-ஆவது மில்லிவிநாடியில் முடிந்து, மயிரிழையில் தப்பி 216.7-க்குள் நுழைந்துவிடுகிறது. பதின்மூன்றாவது 234-இல் முடிகிறது, கெடு 233.3. தவறியது ஒரு மில்லிவிநாடிகூட இல்லை, ஆனாலும் தவறியது தவறியதுதான். பன்னிரண்டாவது படமே இன்னொரு சுற்று திரையில் நிற்கிறது.

இது விநாடிக்கு நான்கைந்து முறை நடக்கும். திரை மூலையில் உள்ள கணக்கு 55 என்று காட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவருக்கோ வண்டி அடிக்கடி லேசாக இடறும். சராசரியைக் காட்டும் எண்ணில் இந்த இடறல் தெரியாது. விநாடிக்கு 55 என்பது 30-ஐவிட நல்லதுதானே என்று கேட்டால், எண்ணுக்கு நல்லது, கண்ணுக்கு எப்போதும் அப்படியில்லை என்பேன். சீரான 30 சிலருக்கு அதைவிடப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

கார்டு வேகமாக இருந்தால் வேறொரு சங்கடம். படம் 8 மில்லிவிநாடியில் முடிந்துவிடுகிறது என்றால் வெட்டும் இல்லை, திக்கலும் இல்லை. ஆனால் முடிந்த படங்கள் வரிசை கட்டி நிற்கும். விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வழக்கமாக மூன்று படங்கள்வரை இப்படிக் காக்கவைக்க அனுமதிக்கிறது. மவுஸை அசைத்த கணத்தில் வரையத் தொடங்கிய படம் அந்த வரிசையைக் கடந்து திரைக்கு வர 50 மில்லிவிநாடிவரை ஆகலாம். வி-சிங்க் போட்டால் மவுஸ் கனமாகிவிடுகிறது என்று கேம் ஆடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு மருந்து எளிது: கேமின் உள்ளேயே உள்ள ஃபிரேம் வரம்பை மானிட்டரின் உண்மையான வேகத்துக்கு ஒரு துளி கீழே வைப்பது. மானிட்டர் சரியாக 60 என்றால் 59.95 வைக்கலாம். வரிசை நிரம்பாது. அதற்கு விலை, இருபது விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் இருமுறை வருவது.

இதுவரை சொன்னது கேமும் மானிட்டரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதுபோல. நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள். விண்டோவில் ஓடும் கேமின் படத்தை இயங்குதளத்தின் கம்போசிட்டர் வாங்கி, டாஸ்க்பார் முதலியவற்றோடு சேர்த்து, தானே வி-சிங்க் பார்த்துத் திரைக்கு அனுப்பும். விண்டோஸ் 8 முதல் அதை அணைக்கவே முடியாது. கேமில் வி-சிங்க் ஆஃபில் இருந்தும் விண்டோ முறையில் திரை கிழியாததற்குக் காரணம் அது. தாமதம் சற்றுக் கூடுவதற்கும் பல சமயம் அதுவே காரணம்.

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் கதை தலைகீழாகவும் போகும். தனிக் கார்டு படத்தை வரையும். ஆனால் திரை இணைந்திருப்பது பிராசஸரோடு உள்ள கிராஃபிக்ஸில். படம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலாகி, பிறகுதான் திரைக்குப் போகிறது. தனிக் கார்டு வி-சிங்க்கை ஒழுங்காகக் கடைப்பிடித்தும், அந்த நகல் வேலை திரையின் கடிகாரத்தோடு சேராமல் நடந்தால் வெட்டு விழும். லினக்ஸில் பழைய எக்ஸ்11 அமைப்பும் என்விடியா கார்டும் உள்ள லேப்டாப்களில் இது பழக்கப்பட்ட தலைவலி; `nvidia-drm.modeset=1` என்ற கர்னல் அமைப்பைக் கொடுத்தால்தான் அங்கே இரு பக்கமும் ஒத்துப்போகும். கேமின் மெனுவில் எத்தனை முறை வி-சிங்க்கை மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு அந்த மெனுவுக்கு வெளியே இருக்கிறது.

சரி, 18 மில்லிவிநாடி எடுக்கும் நம் கேமை என்ன செய்வது? நிழல், தண்ணீர்ப் பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்து 16-க்குள் கொண்டுவருவது எல்லோரும் சொல்லும் வழி. அதிகம் பேர் முயன்று பார்க்காத வழி, கெடுவை நீட்டுவது. டிவி ஒளிபரப்புக்காக ஏற்பட்ட 50 ஹெர்ட்ஸ் முறையை எச்.டி.எம்.ஐ. மானிட்டர்கள் பலவும் ஏற்கின்றன. அதில் சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. 18 அதற்குள் அடங்கிவிடுகிறது, 2 மில்லிவிநாடி கையிருப்பும் உண்டு. விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலில் இதைத் தேடலாம். லினக்ஸின் எக்ஸ்11-இல்:

```
xrandr --output HDMI-1 --mode 1920x1080 --rate 50
```

`HDMI-1` என்ற இடத்தில் உங்கள் திரையின் பெயர் வர வேண்டும். வெறுமனே `xrandr` என்று அடித்தால் அந்தப் பெயரும், திரை ஏற்கும் வேகங்களும் தெரியும். வேகத்தை மாற்றியபின் வி-சிங்க்கை ஆன் செய்தால் வெட்டும் இல்லை, இடறலும் இல்லை. வெள்ளைப் பரப்பு லேசாக மினுங்குவதாகச் சிலருக்குத் தோன்றலாம். அவர்களுக்கு இது ஒத்துவராது. லேப்டாப் திரைகள் பலவற்றில் 60 தவிர வேறு வேகமே இருக்காது. அங்கே 30-இல் வரம்பு போட்டு, ஒவ்வொரு படத்தையும் சரியாக இரண்டு சுற்று காட்டவிடலாம்.

120 ஹெர்ட்ஸ் திரை உள்ளவர்களுக்குப் பிழைக்க இடம் அதிகம். அங்கே மூன்று சுற்றுக்கு ஒரு படம் என்றால் 40 வரும், அதாவது படத்துக்கு 25 மில்லிவிநாடி. 30-க்கும் 60-க்கும் நேரக் கணக்கில் சரிபாதி இதுதான். பிளேஸ்டேஷன் 5-இல் ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் 120 ஹெர்ட்ஸ் டிவிக்கென்று சேர்த்த 40 ஃபிரேம் முறை இந்தக் கணக்கில் பிறந்தது.

இத்தனையும் செய்தபின் இடறல் நின்றதா என்று பார்க்கச் சராசரி எண் உதவாது. ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி வேண்டும். விண்டோஸில் ரிவாட்யூனர், லினக்ஸில் மேங்கோஹட். கோடு 16.7-க்கும் 33.3-க்கும் இடையே படிக்கட்டுபோல் ஏறி இறங்கினால், அது இங்கே பேசிய கெடு தவறும் நோய். கோடு தட்டையாக ஓடி, புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திடீரென்று 100, 200 என்று குத்திட்டு நின்றால் வி-சிங்க்கைத் தொட வேண்டாம். கேம் அப்போது வட்டிலிருந்து எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது ஷேடர்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடறல் வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் உள்ள மானிட்டரிலும் அப்படியே வரும்.