சொல்லுக்கு ஒரு ரூபாய் என்றால் மணிக்கு எவ்வளவு?

வீடு, மனை விற்கும் நிறுவனம் ஒன்று தன் பிளாக்குக்கு இரண்டு கட்டுரைகள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மழைக்காலத்தில் அடுக்குமாடி வீட்டில் துணி காயவைப்பது பற்றி. மற்றொன்று, மனை வாங்கும் முன் வில்லங்கச் சான்றிதழைப் படிப்பது எப்படி என்று. இரண்டும் ஆயிரம் சொற்கள். "சொல்லுக்கு ஒரு ரூபாய் தருகிறோம், சம்மதமா?" என்கிறார்கள். திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே எழுதும் ஒரு பெண் சரி என்று சொல்லிவிடுகிறார். ஆயிரம் ரூபாய் என்பது முழுத் தொகையாகக் காதில் விழுகிறதல்லவா!

துணிக் கட்டுரை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வில்லங்கக் கட்டுரை ஒன்பது மணி நேரத்தை விழுங்குகிறது. முன்னதில் மணிக்கு 250 ரூபாய், பின்னதில் 111 ரூபாய். கடினமான வேலைக்குப் பாதிக்கும் குறைந்த கூலி.

அந்த ஒன்பது மணி நேரம் எங்கே போனது? பேசி முடிவு செய்ய அரை மணி. எழுத மூன்று மணி. சரிபார்த்து, தலைப்பு, உபதலைப்பு, படம் எல்லாம் வைக்க ஒரு மணி. நிறுவனம் கேட்ட திருத்தங்களுக்கு அரை மணி. மீதி நான்கு மணியும் தேடலுக்கே போயிற்று. tnreginet.gov.in தளத்துக்குள் நுழைந்து ஒரு சர்வே எண்ணுக்குச் சான்றிதழ் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் தெரிய வேண்டும். பிறகு, சான்றிதழில் எது வராது என்பதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். பதிவான பரிவர்த்தனைகள்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. மனை மீது நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும், அது பதிவேட்டில் ஏறாதவரை தெரியவராது. வாசகருக்கு உண்மையில் பயன்படப்போவது இந்த இரண்டு வரிகள்தான். சொல் கணக்கில் பார்த்தால் இவற்றின் விலை பதினைந்து ரூபாய்கூட இல்லை.

தமிழில் சொல் கணக்குக்கு இன்னொரு வம்பும் உண்டு. "எழுதிக்கொடுக்கவேண்டியிருந்ததால்" என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். "எழுதிக் கொடுக்க வேண்டி இருந்ததால்" என்று பிரித்தால் நான்கு. கணினி இடைவெளியைத்தான் எண்ணும். நம் மொழி வேற்றுமை உருபையும் காலத்தையும் "உம்"மையும் ஒரே சொல்லில் கோத்துவிடுகிறது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் சொற்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். ஒரு பத்தியை எடுத்து யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே ஆங்கில எழுத்துக்குப் பேசிய சொல் விலையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், அதே விஷயத்தைச் சொன்னவருக்குக் குறைந்த பணம்தான் வரும். (சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுதி எண்ணிக்கையை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.)

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? வீட்டுச் செலவிலிருந்துதான். அந்தப் பெண்ணுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும். இணையம், மின்சாரம், மடிக்கணினித் தேய்மானத்துக்கு 3,000. வேலை வராத மாதத்துக்கும் காய்ச்சல் வந்த வாரத்துக்கும் ஒதுக்க 7,000. ஆக 40,000. மாதம் 22 நாள், நாளுக்கு ஏழு மணி உழைத்தால் 154 மணி நேரம் வரும். 40,000-ஐ 154-ஆல் வகுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. வேலை தேடுவதும், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும், "பணம் எப்போது வரும்?" என்று போன் போடுவதும் அந்த 154-க்குள்தான் நடக்கின்றன. காசு வரும் வேலைக்கு 100 மணி நேரம் மிஞ்சினாலே நல்ல மாதம். ஆக, மணிக்கு 400 ரூபாய்.

இப்போது வில்லங்கக் கட்டுரை 3,600 ரூபாய், துணிக் கட்டுரை 1,600 ரூபாய். நீளம் ஒன்றுதான், விலையில் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

நீளமே கணக்கில் வராதா என்றால், வரும். ஆனால் நேர்விகிதத்தில் வராது. "பாதி நீளம் போதும், பாதி பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நிறுவனம் கேட்டால் அந்தப் பெண் உஷாராக வேண்டும். ஐந்நூறு சொல் எழுதினாலும் தேடலுக்கு அதே நான்கு மணி வேண்டும். குறைவது எழுதும் நேரத்தில் ஒன்றரை மணியும் சரிபார்ப்பில் அரை மணியும்தான். மொத்தம் ஏழு மணி, 2,800 ரூபாய். இதே கணக்கு மறுபக்கமும் பேசும். இரண்டாயிரம் சொல் கேட்டால் ஏழாயிரத்துச் சொச்சம் கேட்பது நியாயமில்லை. பதின்மூன்று மணி, 5,200 ரூபாய். அடுத்த மாதமே பட்டா மாற்றம் பற்றி எழுதச் சொன்னால் தேடல் பாதியாகக் குறையலாம். அங்கே விலையைக் குறைத்துக் கொடுக்கலாம்.

இதுவரை சிக்கலில்லை. துறை தெரிந்தவர் எழுத உட்காரும்போதுதான் மணிக் கணக்கு தடுமாறும்.

பத்திர எழுத்தரிடம் பத்தாண்டு உதவியாளராக இருந்த ஒருவர் இதே கட்டுரையை எழுதுகிறார் என்று கொள்வோம். தேடல் ஒரு மணியில் முடிந்துவிடும். மொத்தம் ஆறு மணி. மணிக்கு 400 என்றால் 2,400 ரூபாய். அதாவது, தெரியாதவருக்கு 3,600, தெரிந்தவருக்கு 2,400! பத்தாண்டு அனுபவத்துக்கு 1,200 ரூபாய் அபராதம் போட்டதுபோல் ஆகிறது.

இதைச் சரிசெய்ய நிறுவனத்தின் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். புதியவரிடம் எழுதி வாங்கினால் 3,600 ஆகும். பிழை இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்ட ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்தால், மொத்தம் 4,600. உதவியாளராக இருந்தவரின் கட்டுரைக்கு அந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் தேவைப்படாது. எனவே அவர் 3,600-க்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. 4,600-க்கு மேலே போனால் நிறுவனத்துக்கு லாபமில்லை. நாலாயிரம், நாலாயிரத்து இருநூறு என்பது இருவருக்கும் ஒத்துவரும் விலை. ஆனால் அதே நபர் துணி காயவைப்பதைப் பற்றி எழுதினால் 1,600 ரூபாய்தான். அங்கே பத்திர அனுபவத்துக்கு வேலையில்லை.

இந்தக் கணக்கு எல்லாம் மணி நேரங்கள் உண்மையாக இருந்தால்தான் நிற்கும். மனக்கணக்கில் எல்லோரும் தேடல் நேரத்தைக் குறைத்தே சொல்வார்கள். அடுத்த ஐந்து கட்டுரைகளுக்கு ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்தால் உண்மை வெளிவந்துவிடும். பெரும்பாலும் ஓட்டை திருத்தங்களில் இருக்கும். "சின்ன மாற்றம்தான்" என்று நான்கு முறை வந்தால் அரை மணி மூன்று மணியாகி, 400 ரூபாய் மணி 313-க்கு இறங்கிவிடும். இரண்டு முறை திருத்தம் விலைக்குள், அதற்கு மேல் மணிக் கணக்கு என்று முதலிலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

"எங்களிடம் 2,500 ரூபாய்தான் இருக்கிறது" என்று நிறுவனம் சொன்னால்? மணி விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கலாம். 2,500 ரூபாய்க்கு ஆறேகால் மணி நேரம் கிடைக்கும். சான்றிதழில் எவை வராது என்ற பகுதியை விட்டுவிட்டு, இணையத்தில் அதை எடுக்கும் வழியை மட்டும் அறுநூறு சொல்லில் எழுத அந்த நேரம் போதும். விட்டுப்போன பகுதி எது என்பதையும் அதே மின்னஞ்சலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பல நேரம் அந்த வரியைப் படித்த பிறகுதான் மீதி 1,100 ரூபாய் பற்றிய பேச்சு தொடங்கும்.