ஆன்டிபயாட்டிக் எழுதாத மருந்துச் சீட்டு

ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டு நாளாக இடது அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். சிடி ஸ்கேன் எடுத்தால் ‘டைவர்ட்டிகுலைட்டிஸ்’ என்று வருகிறது. பெருங்குடல் சுவரில் வலுக்குறைந்த இடங்கள் வெளிப்பக்கம் பிதுங்கிச் சிறு பைகளாகும். பலருக்கு அவை இருப்பதே தெரியாது. இவருக்கு அதில் ஒன்று அழற்சி கண்டிருக்கிறது. சீழ்க்கட்டி இல்லை, குடலில் ஓட்டையும் இல்லை. மருத்துவர் பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தால் வீட்டில் பதறுவார்கள்: “காய்ச்சல் இருக்கே, ஆன்டிபயாட்டிக் வேண்டாமா டாக்டர்?”

முன்பெல்லாம் எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் இத்தகைய சிக்கலற்ற நோயாளிகள் 623 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாட்டிக் தராமல் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்கள் சீக்கிரம் தேறவும் இல்லை, அவர்களுக்குச் சிக்கல்கள் குறையவும் இல்லை. பின்னர் நெதர்லாந்தில் நடந்த ஆய்வும் அதையே சொன்னது.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. ஸ்டீராய்டு அல்லது கீமோதெரபி எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வாந்தி நிற்காதவர்கள், ரத்தத்தில் வெள்ளணுக்களும் சிஆர்பி அளவும் மிக உயர்ந்தவர்கள், ஸ்கேனில் சீழ் தெரிபவர்கள் ஆகியோருக்கு ஆன்டிபயாட்டிக் தேவை. ஸ்டீராய்டு எடுப்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். குடல் ஓட்டையானாலும் அவருக்கு வலி அடங்கியே இருக்கலாம். பெரிய சீழ்க்கட்டியை ஊசிக்குழாய் வழியே வடிக்க வேண்டியிருக்கும்.

நம் நோயாளி முதல் இரண்டு மூன்று நாள் இளநீர், தெளிந்த ரசம், வடித்த சூப் என்று இருக்கலாம். வலி குறையக் குறைய, குழைந்த சாதம், இட்லி என்று ஏறலாம். வலிக்கு ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம். அவை குடல் ஓட்டையாகும் அபாயத்தைக் கூட்டும். இரண்டு மூன்று நாளில் வலி தணியாவிட்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ, வலி வயிறு முழுக்கப் பரவினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேறிய பிறகு பலர் செய்யும் தவறு, அந்தக் கஞ்சிச் சாப்பாட்டிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவது. நார்ச்சத்து குறைந்த உணவு சில நாட்களுக்குத்தான். பிறகு கீரை, அவரைக்காய், பருப்பு, கேழ்வரகு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். தண்ணீரும் தாராளமாகக் குடிக்கவேண்டும். ஆட்டு, மாட்டு இறைச்சியைக் குறைப்பது நல்லது.

கொய்யா விதை பையில் சிக்கிக்கொள்ளும், வேர்க்கடலை ஆகாது என்ற பயம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2008இல் அதைத் தகர்த்தது: கொட்டை வகைகளை அதிகம் தின்றவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்திருந்தது.

முதல் தடவை வந்தவர், ஓராண்டுக்குள் கொலனோஸ்கோபி செய்திராவிட்டால், தேறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை செய்துகொள்வது வழக்கம். ஸ்கேனில் அழற்சி போலத் தெரிந்த தடிப்பு எப்போதாவது புற்றுநோயாக இருந்துவிடுவதுண்டு.