முற்றத்துப் படத்தில் இளைய மகனும்

அறுபதாம் கல்யாணத்துக்குக் கூடிய சொந்தபந்தம் எல்லாம் வீட்டு முற்றத்தில் வட்டமாக நிற்க, நடுவில் ஸ்டாண்டில் வைத்த கேமரா ஒரே சொடுக்கில் 360 டிகிரி படம் எடுத்துவிட்டது. துபாயில் வேலை பார்க்கும் இளைய மகனுக்கு மட்டும் விடுப்பு கிடைக்கவில்லை. “அவனையும் இதுல நிக்க வச்சுக் குடுங்க தம்பி” என்று அம்மா கேட்கிறார். சாதாரணக் குழுப்படம் என்றால் எந்த ஸ்டுடியோவிலும் இது சின்ன வேலை. முழுச்சுற்றுப் படத்தில் அப்படியே வெட்டி ஒட்டினால், கணினித் திரையில் சரியாகத் தெரிகிற ஆள், கைப்பேசியில் சுற்றிப் பார்க்கும்போது பாதம் குறுகித் தரையில் ஒட்டாமல் மிதப்பார்.

காரணம் படத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முழுச்சுற்றுப் படம் என்பது உண்மையில் ஓர் உருண்டையின் உட்புறம். அதைக் கோப்பாகச் சேமிக்க, அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்காக இருக்கும் தட்டையான தாளாக விரிக்கிறார்கள். உலக வரைபடத்தில் அண்டார்டிகா அடிப்பக்கம் முழுவதும் பட்டையாக நீண்டு கிடப்பது போல, இந்தத் தாளிலும் மேலும் கீழும் போகப் போகப் பொருள்கள் பக்கவாட்டில் இழுபடுகின்றன. நடுக்கோட்டில் இழுப்பு இல்லை; அதிலிருந்து 60 டிகிரி கீழே எல்லாமே இரண்டு மடங்கு அகலம். கடைசி வரிசை முழுவதும் கேமரா ஸ்டாண்டின் கீழே உள்ள ஒரே புள்ளிதான்.

ஆனால் இதே அமைப்பு நமக்கு ஒரு பெரிய உதவியும் செய்கிறது. கேமரா சாயாமல் நின்றிருந்தால், தாளின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கோணத்தைச் சொல்லும். நம் படம் 6000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு 16.7 பிக்சல் வருகிறது. 1500ஆவது வரிசையில் ஓடும் நடுக்கோடுதான் கேமராவின் கண்மட்டம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது, மகன் 1.65 மீட்டர் உயரம். மற்றவர்களைப் போலவே 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கைப்பேசிக் கால்குலேட்டரில் tan⁻¹(1.5 ÷ 3) என்று போட்டால் 26.6 டிகிரி வரும். அவர் பாதம் நடுக்கோட்டுக்கு அத்தனை டிகிரி கீழே, அதாவது 443 பிக்சல் கீழே இருக்க வேண்டும். கண்மட்டத்துக்கு மேலே இருப்பது தலையின் உச்சியில் 15 சென்டிமீட்டர் மட்டுமே. அதற்கு 48 பிக்சல். ஆக மொத்தம் 491 பிக்சல் உயரம். கண்ணால் பார்த்து இழுத்துப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியதில்லை.

இதைச் சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. ஒரே தரையில் நிற்கும் எல்லோரையும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், நடுக்கோடு ஒரே உயரத்தில்தான் வெட்டும். நம் மகனுக்கு அது மூக்குக்குக் கீழே போக வேண்டும். மார்பில் போகிறது என்றால் அவர் முற்றத்தில் நிற்கவில்லை, திண்ணைமேல் நிற்கிறார் என்று பார்ப்பவர் மனம் சொல்லிவிடும்.

அடுத்தது வெயில். முழுச்சுற்றுப் படத்தில் சூரியனும் விழுந்திருக்கிறது என்பதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. நம் படத்தில் அது 1200ஆவது பத்தியில், நடுக்கோட்டுக்கு 750 பிக்சல் மேலே இருக்கிறது. 750 பிக்சல் என்றால் 45 டிகிரி. நிழலின் நீளம் ஆளின் உயரத்துக்குச் சமம். நிழல் சாயும் திசை சூரியனுக்கு நேர் எதிர்த்திசை, அதாவது பாதி அகலம் தள்ளி 4200ஆவது பத்தியின் பக்கம். மகனை 3900ஆவது பத்தியில் நிறுத்தினால், வெயில் கேமராவின் முதுகுப்பக்கத்திலிருந்து, சற்று இடப்புறமாக அவர் முகத்தில் விழும். நிழல் அவருக்குப் பின்னால் போகும். கணக்கிட்டால் நிழலின் நுனி பாதத்திலிருந்து ஏறக்குறைய 105 பிக்சல் வலப்புறமும் 140 பிக்சல் மேலேயும் வருகிறது. பக்கத்தில் நிற்கும் மாமாவின் நிழலோடு ஒப்பிட்டால் இது உடனே உறுதிப்படும்.

இனி துபாயில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியது தெளிவு. காலை வெயிலோ மாலை வெயிலோ 45 டிகிரியில் இருக்கும் நேரம் பார்த்து, நண்பர் ஒருவர் 3 மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியை 1.5 மீட்டர் உயரத்தில் சாய்க்காமல் பிடித்து, பாதம் வரை முழுதாக எடுக்க வேண்டும். வெயில் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால், சற்று இடப்புறம் இருக்கட்டும். தொலைவும் உயரமும் மாறினால் பாதத்தைப் பார்க்கும் கோணம் மாறிவிடும். அதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருத்த முடியாது.

ஒட்டும் வேலையை விரித்த தாளில் செய்யக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் Filters > Map > Panorama Projection என்று ஒன்று இருக்கிறது. படத்தின் நகல் ஒன்றில் அதைப் போட்டு Pan எண்ணை நகர்த்தினால், மகன் நிற்க வேண்டிய இடம் சாதாரணக் கேமராவில் எடுத்தது போல நேராகத் தெரியும். வளைந்திருந்த தரைக்கோடுகள் நிமிர்ந்துவிடும். அந்தக் காட்சியின் மேல், வெறுமையான தனி அடுக்கில் மகனை ஒட்டி நிழலையும் வரைய வேண்டும். பிறகு அந்த அடுக்கை மட்டும், அதே எண்களோடு Inverse transform தேர்ந்து திருப்பி வளைத்து, மூலப் படத்தின் மேல் வைக்க வேண்டும். பின்னணியையும் சேர்த்து வளைத்துத் திருப்பினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். சுற்றிலும் கூர்மையாக இருக்கும் படத்தில் மங்கிய சதுரம் ஒன்று தனியே தெரிந்து குட்டை உடைத்துவிடும்.

மகனுக்கு 3900ஆவது பத்தியைத் தேர்ந்ததற்குக் காரணம் தையல்கோடு. இத்தகைய கேமராவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு லென்ஸ். ஒவ்வொன்றும் பாதி உலகத்தைவிடச் சற்றே அதிகமாகப் பார்க்கிறது. இரண்டு படங்களும் சந்திக்கும் இடம் நம் தாளில் 1500, 4500 பத்திகளில் விழுகிறது. இரண்டு லென்ஸும் ஒரே புள்ளியில் இருக்க முடியாது என்பதால், அருகில் உள்ள பொருள்கள் அங்கே பொருந்தாமல் விலகும். பாய் விளிம்பு முறிந்திருக்கும், தரைக்கல்லின் இணைப்புக்கோடு படிபோல ஒடிந்திருக்கும். ஆளை மேலே நிறுத்தி இதை மறைத்துவிடலாம் என்று தோன்றும். உடம்பு மறைக்கும், பாதத்தைச் சுற்றியுள்ள தரை மறைக்காது. வேறு இடமே இல்லை என்றால், முதலில் தரைக்கோட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆளை வைக்க வேண்டும். லென்ஸின் ஓரம் மங்கலாகவும், விளிம்புகளில் ஊதா நிறம் கசிந்தும் இருக்கும். கைப்பேசிப் படத்தை அங்கே அதே அளவு மென்மையாக்க வேண்டும்.

தாளின் இடக்கோடியும் வலக்கோடியும் ஒரே இடம். அங்கே நிறுத்த வேண்டி வந்தால், Layer > Transform > Offset வழியே படத்தை 3000 பிக்சல் பக்கவாட்டில் சுழற்றி, வேலையை நடுவில் முடித்து, மீண்டும் சுழற்றினால் போதும். முழு எண்ணில் நகர்த்தும்வரை தரம் சிறிதும் குறையாது.

சேமித்த பிறகு படம் சுற்றாமல் நீளப்பட்டையாகவே திறந்தால் பயப்பட வேண்டாம். ‘இது உருண்டைப் படம்’ என்று கோப்புக்குள் இருந்த குறிப்பு அழிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைத் திரும்ப எழுத ஒரு வரி போதும்:

```
exiftool -ProjectionType=equirectangular muttram.jpg
```

கடைசியாக, முழுச்சுற்றுப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டாண்டின் உயரத்தை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேமராவின் இரு பக்கவாட்டுத் திசைகளிலும் யாரையும் மிக அருகில் நிறுத்தாதீர்கள். யாராவது வரவில்லை என்று முன்பே தெரிந்தால், மூன்று மீட்டர் தொலைவில் அவருக்கான இடத்தைக் காலியாக விட்டு எடுங்கள்.