நெல் அதிகமா அரைச்சா மட்டும்தான் செலவு குறையுமா?

துறையூரில் ஒரு அரிசி ஆலைன்னு வைத்துக்கொள்வோம். நெல் வரத்து இரட்டிப்பானால், அதே வாடகையும் இயந்திரக் கடனும் கூடுதல் கிலோக்களில் பரவும். இது அளவால் வரும் சிக்கனம்.

100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அது பாய்லருக்கே எரிபொருள். தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகும். நெல் ஒரு கிலோகூட கூடவில்லை, ஆனாலும் அரிசியின் அடக்கவிலை இறங்குது. ஒரே கூரையின் கீழ் பல பொருள் எடுப்பதால் வரும் சிக்கனம் இது.

மூன்றாவது, கைப்பழக்கம். ரப்பர் ரோலர் இடைவெளியைச் சரியாக வைக்க ஆபரேட்டர் பழகப் பழக நொய் குறையும். விமானத் தயாரிப்பில் டி.பி.ரைட் 1936-ல் எழுதியதும் இதுதான்: மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும்போதெல்லாம் உழைப்புச் செலவு சுமார் 20% குறைந்தது.

எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது? வரத்து பாதியானால் அளவின் லாபம் அந்த மாதமே போயிடும். பழக்கத்தின் லாபம் நிற்கும், ஆபரேட்டர் வேறு ஆலைக்குப் போகும் வரை.