‘முகவரி முழுமையாக இல்லை’ எனத் திரும்பும் பார்சல்: வழியிலேயே நிறுத்தி வாங்குவது எப்படி?

‘Out for Delivery’ என்று காலையில் காட்டிய டிராக்கிங் பக்கம், மாலையில் ‘Undelivered – Address Incomplete’ என்று மாறிவிடுகிறது. போன் எதுவும் வரவில்லை. வீட்டிலும் ஆள் இருந்தார்கள். இப்போது என்ன செய்வது? நாளைக்கு எப்படியும் மறுபடி வருவார்கள் என்று விட்டுவிடுபவர்களே அதிகம். பார்சல் கைநழுவிப் போவதும் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான். அந்த வரி வந்த நேரத்துக்கும், பார்சல் திரும்பிப் போக மூட்டை கட்டப்படும் நேரத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி ஒன்று இருக்கிறது. முகவரியைத் திருத்த முடிவது அதற்குள்தான்.

கூடுவாஞ்சேரியில் ஏன் இந்தக் குழப்பம்?

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வளர்ந்த ஊர்களின் முகவரிகளில் சில பொதுவான சிக்கல்கள் உண்டு. கூடுவாஞ்சேரி அதற்கு நல்ல உதாரணம். நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சியானது. அது இருக்கும் பகுதி 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம், அதன் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். பழைய ஆவணத்தில் ஒரு மாவட்டம், புதிய ஆவணத்தில் இன்னொரு மாவட்டம். ஆப்பில் முகவரி போடும்போதோ பலரும் ‘சென்னை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஊர்ப் பெயரைவிடப் பெரிய சிக்கல் தெருவில் இருக்கிறது. மனைப்பிரிவுகளாக விற்கப்பட்ட நகர்கள் ஒவ்வொன்றிலும் முதல் மெயின் ரோடும் இரண்டாவது குறுக்குத் தெருவும் உண்டு. நகரின் பெயரை விட்டுவிட்டால் ‘2-வது குறுக்குத் தெரு’ என்பது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். போதாததற்கு ‘பிளாட்’ என்ற சொல் வேறு. ஒருவர் சொல்வது மனை எண், கேட்பவர் புரிந்துகொள்வது அடுக்குமாடி வீட்டு எண். மனை எண்ணும் நகராட்சியின் கதவு எண்ணும் வெவ்வேறாக இருந்தால், கேட்டில் எழுதியிருப்பது ஒன்று, பார்சலில் இருப்பது வேறொன்று.

பின்கோடு தவறினால் பார்சல் வேறு ஊருக்கே போய்விடும். கூடுவாஞ்சேரியின் பின்கோடு 603202. முதல் மூன்று இலக்கங்கள்தான் அது எந்தப் பிரிப்பு வட்டாரத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்கின்றன. சென்னைக்கு 600, செங்கல்பட்டுப் பகுதிக்கு 603. பக்கத்திலேயே இருக்கும் வண்டலூர் 600048. ‘சென்னைதானே’ என்று 600-ல் தொடங்கும் எண்ணைப் போட்டால், பார்சல் வேறொரு கிடங்கில் இறங்கும். அங்குள்ள டெலிவரி ஊழியருக்கு உங்கள் தெரு அவருடைய ஏரியாவிலேயே இருக்காது. முகவரி முழுமையாக இருந்தாலும் ‘முழுமையற்ற முகவரி’ என்றே அவர் பதிவு செய்ய வாய்ப்பு அதிகம். டிராக்கிங்கில் கடைசியாகக் காட்டும் கிடங்கு எந்த ஊர் என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

டெலிவரி ஆகாத பார்சல் எங்கே போகிறது?

ஊழியர் காலையில் கிடங்கிலிருந்து பார்சல்களை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பல இடங்களில் அவருக்குச் சம்பளம் பார்சல் கணக்கில்தான். புரியாத ஒரு முகவரிக்காக அரை மணி நேரம் சுற்றினால் நஷ்டம் அவருக்கே. ஒருமுறை போன் செய்வார். எடுக்காவிட்டால், ஆப்பில் இருக்கும் காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மாலையில் அந்தப் பார்சல் அதே கிடங்குக்குத் திரும்பி வந்து ஸ்கேன் ஆகும்.

இந்தக் கட்டத்தில் அனுப்பியவருக்கு ஓர் அறிக்கை போகிறது. கூரியர் துறையில் இதை ‘என்.டி.ஆர்.’ என்பார்கள். டெலிவரி ஆகவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் பதிவு அது. திருத்திய முகவரியோ மாற்று எண்ணோ கொடுத்து இன்னொரு முறை முயலச் சொல்லலாம், அல்லது திருப்பி அனுப்பச் சொல்லலாம். அனுப்பியவரிடமிருந்து பதில் வராமலே குறிப்பிட்ட காலம் கடந்தால், பார்சல் தானாகவே ‘ஆர்.டி.ஓ.’ ஆகிவிடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது என்று அர்த்தம். டிராக்கிங்கில் ‘RTO Initiated’ என்று வரும். இந்தக் காலக்கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

‘RTO’ என்று வந்தவுடனே எல்லாம் முடிந்துவிடாது. பார்சல் இன்னும் அதே கிடங்கில் இருந்தால் சில நேரம் நிறுத்த முடியும். திரும்பும் மூட்டையில் போட்டுக் கட்டி, வண்டி கிளம்பிவிட்டால் அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான பார்சல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் வழியில் பிரித்து எடுக்க மாட்டார்கள்.

முகவரியை மாற்றும் உரிமை யாருக்கு?

பலரும் சறுக்கும் இடம் இது. பொருள் உங்களுடையது, பணமும் நீங்கள் கட்டியது. ஆனால் கூரியர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் நீங்கள் அல்ல, அனுப்பியவர்தான். அதனால் உங்கள் போனை மட்டும் நம்பி அவர்கள் முகவரியை மாற்றுவதில்லை. இதில் நியாயமும் இருக்கிறது. டிராக்கிங் எண் தெரிந்த எவரும் போன் போட்டு மாற்ற முடியும் என்றால், அடுத்தவர் பார்சலை யாரும் திசைதிருப்பிவிடலாம்.

ஆனாலும் ‘மாற்றம்’ என்பதில் இரண்டு வகை உண்டு. அதே பின்கோடுக்குள் விடுபட்ட நகரின் பெயரையோ அடையாளத்தையோ சேர்ப்பது எளிது. ஊழியரிடமே போனில் வழி சொல்லலாம், லொகேஷன் அனுப்பலாம். வேறு பின்கோடுக்கு மாற்றுவது அப்படியல்ல. உதாரணமாக, நீங்கள் கூடுவாஞ்சேரியிலிருந்து மறைமலை நகருக்கு, அதாவது 603209-க்கு வீடு மாறியிருந்தால், பார்சல் இன்னொரு வழியில் போக வேண்டும். லேபிளின் மேல் பேனாவால் திருத்தினால் போதாது. பார்கோடை ஸ்கேன் செய்தால் கணினியில் பழைய பின்கோடே வரும், பார்சலும் பழைய கிடங்குக்கே திரும்பும். அனுப்பியவர் கணினிப் பதிவில் மாற்றச் சொன்னால்தான் வேலை நடக்கும். சில நிறுவனங்கள் அதையும் ஏற்பதில்லை. அப்போது பழைய ஏரியா கிடங்குக்கு நேரில் போய் வாங்குவதே சுலபம்.

ஓர் உதாரணம்

கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கும் ஒருவர், ‘பிளாட் 14, 2-வது குறுக்குத் தெரு, கூடுவாஞ்சேரி, சென்னை 603202’ என்ற முகவரிக்கு ஆர்டர் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்கோடு சரி. நகரின் பெயர் இல்லை. திங்கட்கிழமை மதியம் ஊழியர் அழைத்தபோது அவர் அலுவலக மீட்டிங்கில் இருந்தார். மாலை 4 மணிக்கு டிராக்கிங் மாறிவிட்டது.

முதலில் அவர் செய்ய வேண்டியது, தவறவிட்ட அந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பது. ஊழியர் இன்னும் ஏரியாவிலேயே இருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். “அண்ணா, மகாலட்சுமி நகர் இரண்டாவது குறுக்குத் தெரு. வாட்ஸ்அப்ல லொகேஷன் போடுறேன், இன்னைக்கு வர முடியலைன்னா நாளைக்குக் காலையில கொண்டு வாங்க” என்றால் போதும்.

எண் கிடைக்கவில்லை என்றால், அன்று மாலையே விற்பனையாளருக்கும் கூரியரின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே செய்தியை அனுப்ப வேண்டும். இப்படி:

“டிராக்கிங் எண் (இங்கே எண்). முகவரி முழுமையாக இல்லை என்று பதிவாகியுள்ளது. சரியான முகவரி: மனை எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு, மகாலட்சுமி நகர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு மாவட்டம் 603202. அருகில் உள்ள அடையாளம்: (கடை அல்லது கோயில் பெயர்). மாற்று எண்: (வீட்டில் இருப்பவர் எண்). பார்சலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இந்த முகவரிக்கு மறுபடி டெலிவரி செய்யப் பதிவு செய்யுங்கள்.”

செவ்வாய் காலை டிராக்கிங்கைப் பார்க்க வேண்டும். மறுபடி ‘Out for Delivery’ என்று வந்தால் சரி. எந்த மாற்றமும் இல்லையென்றால் விற்பனையாளரின் பதில் இன்னும் பதிவாகவில்லை என்று பொருள். அப்போது கிடங்குக்கு நேரில் போகலாம். அடையாள அட்டை, ஆர்டர் விவரம், ஆர்டரில் கொடுத்த அதே மொபைல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டுத்தான் பார்சலைத் தருகின்றன. புதன், வியாழன் என்று தள்ளிப்போட்டால், கிடங்கிலேயே “நேத்து நைட்டே ரிட்டர்ன் போயிடுச்சு சார்” என்ற பதில் வரலாம்.

தபாலில் வந்தால்?

டிராக்கிங் எண் இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ‘IN’ என்று முடிந்தால் அது இந்திய அஞ்சல் துறையின் பார்சல். இதில் ஒரு வசதி உண்டு. பார்சல் இருப்பது உங்கள் பகுதிக்கு டெலிவரி செய்யும் அஞ்சலகத்தில். எண்ணையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராகப் போய் போஸ்ட்மாஸ்டரிடம் கேட்கலாம். வீடு மாறியிருந்தால், புது முகவரிக்கு அனுப்பும்படி பெறுநரே எழுதிக் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. விண்ணப்பத்தில் உள்ள முகவரியில் விண்ணப்பதாரரிடம்தான் கொடுப்பார்கள். முடியாவிட்டால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பும். வங்கி அட்டைகள் பலவற்றின் உறையிலும் வேறு முகவரிக்கு மாற்றக் கூடாது என்ற குறிப்பு இருக்கும். அதற்கு வங்கியைத்தான் அணுக வேண்டும்.

இதே வரியில் வரும் மோசடி

‘உங்கள் பார்சல் கிடங்கில் இருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் திருத்துங்கள்’ என்று அஞ்சல் துறையின் பெயரில் குறுஞ்செய்திகள் பரவின. அவை போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. ஃபேக்ட் செக் 2024-ல் எச்சரித்தது. லிங்க்கில் போனால் முகவரியைக் கேட்டுவிட்டு, சிறு தொகை கட்டணம் என்று அட்டை விவரங்களையும் கேட்பதுதான் இத்தகைய மோசடியின் வழி.

உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரே சோதனை போதும். செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாமல், ஆர்டர் போட்ட ஆப்பையோ கூரியரின் இணையதளத்தையோ நீங்களே திறந்து, உங்களிடம் உள்ள டிராக்கிங் எண்ணைப் போடுங்கள். அங்கே ‘Undelivered’ என்று இல்லாவிட்டால் அந்தச் செய்தியை நீக்கிவிடலாம். முகவரியில் ஒரு வரி சேர்ப்பதற்காக யு.பி.ஐ. பின்னோ அட்டை எண்ணோ கேட்டால் அது மோசடியே. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த ஆர்டருக்கு முன்

அஞ்சல் துறை 2025 மே மாதம் ‘டிஜிபின்’ என்ற முறையை அறிமுகப்படுத்தியது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்து-எண் கொண்ட குறியீடு தரப்பட்டுள்ளது. பெயரில்லாத தெருவில் இருக்கும் வீட்டையும் அது சரியாகக் காட்டும். ஆனால் அது பின்கோடுக்கு மாற்று அல்ல. கூரியர் ஊழியரின் கையில் இருக்கும் லேபிளில் இப்போதைக்கு வேலை செய்வது பழைய வரிகள்தான். ஆப்பில் சேமித்து வைத்த முகவரியைத் திறந்து, நகரின் பெயர் இருக்கிறதா, ‘பிளாட்’ என்பது மனையா வீடா, 603202 சரியாக இருக்கிறதா, பகலில் போன் எடுப்பவரின் எண் இருக்கிறதா என்று இந்த நான்கை மட்டும் பார்த்துத் திருத்திவிட்டால், அடுத்த பார்சலுக்காகக் கிடங்கு வரை அலைய வேண்டியிருக்காது.